பத்து லட்சத்துக்குக் கீழே

வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு ஆள் சேர்க்கும் அந்த அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘விளம்பரம்’ என்பார்கள். வெளிநாட்டில் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளின் போனுக்கு ஒரு விளம்பரம், பெற்றவர்களின் போனுக்கு வேறொன்று என்று ஓடவிடுவது அவள் வேலை. பிள்ளைகளுக்குப் பனியும் நண்பர்களும். பெற்றவர்களுக்குப் பட்டமளிப்பு அங்கி. தொட்டால் படிவம் திறக்கும். எந்த நாடு, எவ்வளவு செலவழிக்க முடியும் என்ற இரண்டு கேள்விகள்தான் அதில் முக்கியம். யாரை உடனே போனில் பிடிப்பது, யாருக்கு ஒரு மெசேஜோடு கும்பிடு போடுவது என்பதெல்லாம் அந்தப் பதிலில்தான் முடிவாகும்.

செலவுக் கேள்விக்கு முதல் விடை ‘பத்து லட்சத்துக்குக் கீழே’. வந்தவர்களில் பாதிப் பேர் அதைத்தான் தொட்டார்கள். அவர்களுக்கென்றே பட்டியலில் ஒரு நாடு இருந்தது. அங்கே அரசுக் கல்லூரிகளில் படிப்புக் கட்டணமே கிடையாது. அதனாலேயே, ஆள் அனுப்பினால் கல்லூரி தரும் கமிஷனும் கிடையாது.

“நாம என்ன தர்மசத்திரமா நடத்தறோம்?” என்றார் முதலாளி. “அந்த நாட்டையும் தூக்கு, அந்தப் பத்தையும் தூக்கு. காசில்லாதவன் தானா போயிடுவான்.”

தூக்கினாள். ஒரு வாய் தேநீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

காசில்லாதவன் போகவில்லை. ‘பத்து முதல் இருபத்தைந்து வரை’ என்று தொட்டவர்கள் அடுத்த மாதம் இரண்டு மடங்கானார்கள். ஊரில் எல்லோருக்கும் ஒரே மாதத்தில் புதையலா கிடைத்தது என்று அவளுக்கு அப்போதே உறுத்தியது. ஆனால் முதலாளி எல்லோர் முன்னாலும் கைதட்டினார், சம்பளமும் ஏறியது. உறுத்தலைக் கட்டிக்கொண்டு யாராவது வாடகை கொடுக்க முடியுமா? பணம் கட்டியவர்களின் போன் எண்களைத் தவறாமல் விளம்பர மெஷினுக்கே திருப்பி ஊட்டினாள். அதே சாயலில் இன்னும் ஆட்களைத் தேடிப் பிடிப்பது மெஷினின் சாமர்த்தியம். பிடித்துக்கொண்டே இருந்தது.

பெற்றோருக்கான அடுத்த விளம்பரத்தில் நிஜமான ஒரு அம்மா பேசினால் எடுபடும் என்று முடிவாயிற்று. போனில் பேசியே மனுஷரைக் கரைக்கும் ஆலோசகர், ஆபீசில் அவருக்குத் ‘தேன்’ என்று பெயர், ஒரு அம்மாவைக் கூட்டி வந்தார். அவள் படப்பிடிப்பு விளக்கைத் திருப்பிவைத்துவிட்டு நிமிர்ந்தால், நாற்காலியில் அவள் அக்கா.

“என்னடி முழிக்கற?” அக்கா சிரித்தாள். “தேன் சார்கிட்ட நான்தான் சொல்லாதீங்கன்னேன். பொண்ணுக்கு சீட்டு கெடைச்சாச்சு. உங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா, கடன வாங்கியாவது தரேன்னு நீ வந்து நிப்ப.”

கணவர் இறந்த பிறகு தையல் மெஷினை மிதித்தே மகளை வளர்த்தவள் அக்கா. விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்று ஊருக்கே சொல்லுகிறவள். தங்கை கேமராவை ஓடவிட்டு, எழுதிவைத்திருந்த கேள்வியைக் கேட்டாள்.

“பணத்துக்கு எப்படி ஏற்பாடு பண்ணீங்க?”

“எங்கிட்ட இருந்தது எட்டு லட்சம்” என்றாள் அக்கா, லென்சைப் பார்த்து. “ஆனா அந்தக் கேள்வில எட்டுக்கு எடமே இல்ல. ஆரம்பமே பத்துலேர்ந்துதான். சரி, வெளிநாடுன்னா குறைஞ்சது அவ்வளவு வேணும்போலன்னு நெனச்சேன். என் தங்கச்சி ஆபீஸ் கேக்கற கேள்வி, தப்பாவா இருக்கும்? வீட்ட வித்துட்டேன். போன வாரம் பத்திரமும் முடிஞ்சுது, ஃபீஸும் கட்டியாச்சு. பொண்ணுதான முக்கியம்?”

அவள் கேமராவை நிறுத்தினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற முதலாளிக்கு முகமெல்லாம் பல். உள்ளே வந்து அவள் காதருகே குனிந்தார். “வீட்ட வித்தேன், பொண்ணுதான முக்கியம். அது போதும். அந்த எட்டு, பத்துக் கதையெல்லாம் வெட்டிடு.”

தேனும் அவரும் வெளியே போனார்கள். அக்கா புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

“ஏண்டி,” குரலைத் தாழ்த்திக் கேட்டாள், “விக்கறதுக்கு முன்னாடி உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமோன்னு ராத்திரியெல்லாம் ஓடுது. எட்டுக்குள்ள முடியற நாடுன்னு எதுவும் இல்லதான?”

அந்த நாட்டின் பெயர் அவள் நாக்கு நுனிவரை வந்தது. விற்ற வீட்டை அந்தப் பெயர் திருப்பித் தராது. அக்காவின் தூக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும். அக்காவுக்காகத்தான் மறைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். அதுவும் பொய் என்று அவளுக்குத் தெரிந்தது.

“இல்லக்கா” என்றாள். “அப்படி எதுவும் இல்ல.”

“அப்பாடா” என்றாள் அக்கா. “இனி நிம்மதியாத் தூங்குவேன்.”