யாருக்கோ ஏதோ தெரியும்

ஒரு மனிதன் ஒரு கடைக்குள் ஓடுகிறான் என்றால் உள்ளே ஏதோ தள்ளுபடி என்று நினைக்கிறார்கள். அவன் கழிப்பறை தேடி ஓடுகிறான் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. இந்தப் பங்குச் சந்தைக்காரர்களுக்குக் கேட்கிற ஒவ்வொரு காலடிச் சத்தமும் ரகசியம்தான்.

இப்படி நினைத்தபடியே அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். அக்காவின் கணவர் கதவோரம் நின்று செல்போனைத் தட்டிக்கொண்டிருந்தார். பங்குச் சந்தையில் ஆலோசனை விற்கும் இந்தச் சின்ன அலுவலகம் அவருடையது. ஆயிரத்து நானூறு சந்தாதாரர்களுக்கு அனுப்பும் குறிப்பு எதுவானாலும், பதிவு பெற்ற ஆய்வாளர் என்று அவள் பெயரில்தான் போக வேண்டும். அவருக்குப் பதிவு கிடையாது. இரண்டு தடவை தேர்வு எழுதிப் பார்த்துவிட்டு, தேர்வே மட்டம் என்று முடிவு செய்திருந்தார்.

"டீச்சரம்மா, இன்னும் இருபது நிமிஷம்தான். சந்தை திறக்கப் போகுது. தலைப்பு போட்டுட்டேன், பாத்தியா? 'யாருக்கோ ஏதோ தெரியும்!' ஆச்சரியக்குறி மூணு."

"பாத்தேன், அத்தான். நாலா போட்டிருக்கலாம்."

நேற்று மதியம் நடந்தது இதுதான். ஒரு மருந்து நிறுவனத்தின் பங்கு நாற்பத்திரண்டு ரூபாயில் நின்றது. அடுத்த மாதம்வரை அதை ஐம்பதுக்கு வாங்கும் உரிமை, அதாவது கால் ஆப்ஷன், சாதாரண நாளில் இருநூறு கைமாறினாலே பெரிது. நேற்று சில நொடிகளில் எட்டாயிரம் போனது. ஒரே ஆர்டரைத் துண்டுகளாக்கி எல்லாச் சந்தைகளிலும் ஒரே நேரத்தில் கேட்ட விலைக்கே அள்ளும் ஸ்வீப். திரை சிவப்பாக மின்னியது. அத்தானின் முகமும்.

"பேரம் பேசி மெதுவா வாங்கியிருந்தா மொத்தமா பேசி முடிச்ச ஒரே வியாபாரமா, பிளாக் டிரேடா போயிருக்கும். இவன் பறந்திருக்கான். அவசரம். ஆராய்ச்சி முடிவு வரப்போகுது. உள்ளே ஆளு இருக்கு!" என்றார், இன்றும் அதே சிவப்போடு.

"அவசரம் இருந்தா ரகசியம் இருக்கணுமா? எனக்கும் காலைல பஸ்ஸுக்கு அவசரம்தான்."

"உன்கிட்ட பேசினா சோறு கூட இறங்காது."

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். இரவு கணக்கு முடிந்து இன்று காலைதான் வந்திருந்த எண்ணைத் திரையில் காட்டினாள். இந்த ஆப்ஷனில் இன்னும் முடிக்கப்படாமல் நிற்கும் ஒப்பந்தங்கள் எத்தனை என்று சொல்லும் எண். நேற்று காலை ஒன்பதாயிரத்து நூறு. இன்று ஆயிரத்து முந்நூறு.

"குறைஞ்சிருக்கு," என்றார் அத்தான்.

"ஏழாயிரத்து எண்ணூறு குறைஞ்சிருக்கு. புதுசா வாங்கியிருந்தா ஏறியிருக்கும், இல்ல அப்படியே நின்னிருக்கும். குறையுதுன்னா ரெண்டு பக்கமும் முடிச்சுக்கிறாங்க. முன்னாடி வித்தவன் திரும்ப வாங்கிட்டான். முன்னாடி வாங்கினவன் வித்துட்டுப் போயிட்டான். உள்ளே வந்தவங்கன்னு நீங்க சொல்றவங்க, வெளியே போறவங்க."

"வித்தவன் ஏன் திரும்ப வாங்கினான்? ஏறப் போகுதுன்னு தெரிஞ்சுதானே!"

"இந்த உரிமைக்கு ஈடா கையில வச்சிருந்த பங்கையே விக்கப் போறானோ என்னவோ. அதுக்கு முன்னாடி இதைக் கழட்டணும். இல்ல, பயந்துட்டான். இல்ல, மேலதிகாரி கணக்கை மூடச் சொன்னான். திரைல காரணம் வர்றதில்ல, அத்தான். அளவு மட்டும்தான் வருது."

அவர் சிரித்தார். தெரியாததைக் கண்டால் அவருக்கு வருவது சிரிப்புதான். சுவரில் சட்டம் போட்டு மாட்டிய ஆறு பழைய குறிப்புகளை விரலால் காட்டினார். எல்லாம் பலித்தவை.

போன வருடம் அனுப்பிய இருநூற்றுப் பன்னிரண்டையும் அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சரிபார்த்திருந்தாள். சொன்ன திசையில் போனது நூற்றொன்று. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் இவ்வளவு தேறியிருக்கும்; காசுக்குச் சம்பளமும் வேண்டாம். மீதியில் பலவற்றில் ஆப்ஷனை வாங்கியவரே அந்தப் பங்கை விற்று ஆபத்தை ஈடுகட்டியிருந்தார், அல்லது இன்னொரு ஆப்ஷனோடு சேர்த்த ஜோடியின் பாதி அது. நிஜமாகவே தெரிந்து வாங்கியவர் யாராவது அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம். ஆனால் அவர் முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு வரவில்லை.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்பட எதிரில் ஒரு எண்ணமாவது இருக்க வேண்டும். இங்கே இருந்தது பேராசை, அதற்கு அணிவித்த அறிவு முகமூடி. அதைத் தன் பெயரால் கட்டிவிடுவதுதான் தன் வேலை என்று ஐந்து வருடமாகச் சம்மதித்து வந்தது யார்? அந்தக் கேள்வியில் அவர்மேல் இருந்த இளப்பம் பாதி அவளிடமே திரும்பி வந்தது.

"உங்க அக்கா கேட்டா என்ன சொல்றது? ஆயிரத்து நானூறு பேர் காத்திருக்காங்க. ஒரு கிளிக்தானே, தங்கச்சி."

தங்கச்சி. வேலை ஆக வேண்டியிருந்தால், கேலிக்கு வைத்த டீச்சரம்மா தங்கச்சியாகிவிடுவாள்.

"அக்காகிட்ட நானே பேசிக்கிறேன். அனுப்ப மாட்டேன்."

"நாளைக்கு அது ஏறிடுச்சுன்னா?"

"ஏறினாலும் அனுப்பியிருக்க மாட்டேன்."

"விளையாடாத. அனுப்பற பாஸ்வேர்டை மட்டும் சொல்லு, நான் அழுத்திக்கிறேன்."

அவர் குனிந்து விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். அவள் மவுஸைச் சொடுக்கித் தன் கணக்கிலிருந்து வெளியேறினாள். திரை பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு நின்றது.

"இல்ல, அத்தான்," என்றாள், குரல் உயராமல்.