எங்க டீம்ல ஒரு இடம் காலியா இருக்கு

எங்கள் வீட்டுக்குப் பெயர்ப் பலகை கிடையாது. தபால் வராது, பார்சல் வராது, சொந்தக்காரர்கள் வரவே கூடாது. கட்டியவனிடம் அடி வாங்கி, இனி முடியாது என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவந்த பெண்கள் தங்குகிற வீடு. அது எங்கே இருக்கிறது என்று அங்கே வேலை செய்கிற எங்களுக்குத் தெரியும், காவல் நிலையத்தில் ஓர் அதிகாரிக்குத் தெரியும், அவ்வளவுதான். ஏதோ விடுதியில் வார்டன் என்பதற்கு மேல் என் வீட்டுக்காரருக்கே ஒன்றும் தெரியாது. எந்தத் தெரு என்று கேட்டால் எரிந்து விழுவேன். எரிந்து விழுவது எனக்குக் கைவந்த கலை. அங்கிருக்கும் பெண்கள் என் முதுகுக்குப் பின்னால் என்னை 'சிடுசிடு' என்று கூப்பிடுவார்கள். காதில் விழாத மாதிரி இருந்துகொள்வேன்.

ராத்திரி வார்டன் திடீரென்று வேலையை விட்டுப் போனாள். மாமியாருக்குப் பக்கவாதம், பார்த்துக்கொள்ள ஆளில்லை. பகல் ஷிப்டும் ராத்திரி ஷிப்டும் சேர்ந்து என் தலையில் விழுந்தன. ஆள் போடுங்கள் என்று வீட்டுப் பொறுப்பாளரான மேடத்திடம் சொன்னேன். மேடம் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். அங்கே ஆள் எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. எந்த வீடு, எந்தப் பகுதி என்று சொல்லாமல் பொதுவாக விளம்பரம் வரும். விண்ணப்பித்தவர்களின் அடையாள அட்டையை வாங்கி, காவல் நிலையத்தில் விசாரிப்பார்கள். எங்களிடம் இருக்கும் பெண்களுக்கு அவர்கள் ஏதாவது ஒருவகையில் உறவா என்று பெயர்களை ஒத்துப் பார்ப்பார்கள். நேர்காணல் தலைமை அலுவலகத்தில்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகே வீட்டு முகவரி. எல்லாம் சரிதான். ஆனால் ஆமை வேகம். எனக்கோ உட்கார்ந்த இடத்தில் கண் சொருகியது.

என் நிலைமையைப் பார்த்து மனம் பொறுக்காதவள் எங்கள் ஆலோசகர் பெண். சின்ன வயசு. அழுதுகொண்டு வருகிறவளைப் பேசிப் பேசியே சாப்பிட வைத்துவிடுவாள். அவளுக்குக் 'கலகலப்பு' என்று பெயர் வைத்தது நான். ஒரு மத்தியானம் என் முகத்துக்கு நேரே போனை நீட்டினாள்.

"அக்கா, பாருங்க. ஆன்லைன்ல என் பக்கத்துல போட்டுட்டேன்."

படித்தேன். 'எங்க டீம்ல ஒரு இடம் காலியா இருக்கு! பெண்கள் காப்பகத்துல ராத்திரி வார்டன் வேலை. பொறுமையும் அன்பும் இருந்தா போதும், மத்ததை நாங்க சொல்லித் தர்றோம். மேடம் தங்கம். கூட வேலை பாக்குற அக்கா கொஞ்சம் சிடுசிடு, ஆனா மனசு வெல்லம். விருப்பம் இருக்கிறவங்க எனக்கே நேரா மெசேஜ் பண்ணுங்க, கூச்சப்படாதீங்க!'

"இதெல்லாம் போடலாமாடி?" என்றேன்.

"முகவரி போட்டேனா? நிறுவனத்தோட பேரு போட்டேனா? ஆள் கிடைச்சா அலுவலகத்துக்கு அனுப்பிடப் போறேன். அவங்க பாத்துப்பாங்க."

வெல்லம் என்ற வார்த்தையில் நான் கரைந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். சரி, சீக்கிரம் யாரையாவது பிடி என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போனேன்.

மெசேஜ்கள் வந்து குவிந்தன. சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டவர்கள் பாதி. நீ அழகா இருக்கே என்று வழிந்த ஆம்பளைகள் மீதி. அவற்றை அவள் வாசித்துக் காட்ட, அடுப்படியே சிரித்தது. அந்தக் குப்பைக்கு நடுவில்தான் ஒருத்தி கிடைத்தாள். முதியோர் இல்லத்தில் பல வருஷம் உதவியாளராக இருந்தவள். சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். மரியாதையான பேச்சு.

"அக்கா, இவ தங்கமான ஆளு. முகவரி இப்ப சொல்ல முடியாதுன்னேன். 'சரிதாங்க, அதுதான் பாதுகாப்பு'ன்னு அவளே சொல்றா! ஒரு தடவைகூடக் கேக்கல."

எனக்கும் அவளைப் பிடித்துப்போனது. முகம் பார்க்காமலே, ராத்திரி ஷிப்டின் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவதாகக் கற்பனை செய்தேன்.

அன்று அடுப்படியில் நான்கைந்து பேர் இருந்தோம். பாப்பாவின் அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வந்து சேர்ந்தபோது யார் கதவைத் தட்டினாலும் கட்டிலுக்கு அடியில் போகிறவள், இப்போதுதான் ஒரு தையல் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பாப்பாவைப் பக்கத்துப் பள்ளியில் போட்டிருந்தோம். ஐந்து வயசு வாலு. மூடியைக் கழற்றாத பேனாவை எடுத்துக்கொண்டு எல்லோர் கையிலும் ஊசி போடுவாள். வலிக்கிறது என்று கத்தாவிட்டால் விடமாட்டாள். என் கையில்தான் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

கலகலப்பு சப்பாத்தி மாவும் கையுமாக நின்றிருந்தாள். போன் சிணுங்கியது. மாவு படாத சுண்டுவிரலால் தட்டினாள். குரல் செய்தி ஓடியது.

"வணக்கம்ங்க. நேர்காணலுக்கு எப்ப வரணும்னு சொன்னா, லீவு சொல்லிட்டு வந்துடுவேன். அவசரம் இல்லைங்க..."

பாப்பா பேனாவைக் கீழே போட்டாள்.

"அத்தை!" என்று கத்தினாள். "அம்மா, அத்தை பேசுது! அத்தை போன்ல இருக்கு!"

எம்பி எம்பிப் போனைப் பிடிக்கப் போனாள். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். ஊசி போடும் விளையாட்டை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே அந்த அத்தைதானாம். நான் அவள் அம்மாவைப் பார்த்தேன். கத்தி பலகைமேல் நின்றுவிட்டது.

"என் நாத்தனார்," என்றாள். "அவரோட தங்கச்சி."

கலகலப்பையும் அவள் போனையும் மேடத்தின் அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

மேடம் கதவைச் சாத்திவிட்டு, போனை வாங்கி, முதலிலிருந்து வாசித்தார். நான் சுவரோரம் நின்றேன். கலகலப்பு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள், கையில் மாவு காய்ந்து வெடித்திருந்தது. ஒரு கேள்வியிலும் குற்றம் சொல்ல முடியாது. ராத்திரி வேலைக்கு வருகிற எந்தப் பெண்ணும் அதைத்தான் கேட்பாள்.

காலையில் ஷிப்ட் முடிந்து போக பஸ் கிடைக்குமா? கிடைக்கும் என்று இவள் பஸ் நம்பரை எழுதியிருந்தாள். ஸ்டாப்பிலிருந்து இருட்டில் ரொம்ப தூரம் நடக்கணுமா, எனக்கு நாய்ன்னா பயம். இல்லைங்க, பக்கம்தான், கடைசி ஸ்டாப், எதிரே பேக்கரி விடியறதுக்கு முன்னாடியே திறந்துடுவாங்க, வெளிச்சமா இருக்கும். குழந்தைங்களும் இருப்பாங்களா, எனக்குக் குழந்தைன்னா உயிர். இருக்காங்க, ஒரு வாலு இருக்கா, பேனாவை வச்சு எல்லாருக்கும் ஊசி போட்டுக்கிட்டே இருப்பா!

அதற்குப் பதிலாக அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புப் பொம்மை வந்திருந்தது. வேறொன்றும் இல்லை.

"மேடம், அவ முகவரியே கேக்கல," என்றாள் கலகலப்பு. திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

"நீ சொல்லி முடிச்சிட்டியேம்மா," என்றார் மேடம். "அவ பேரை அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தா, அன்னைக்கே சொந்தம்னு தெரிஞ்சிருக்கும்."

"நேர்காணலுக்கு நாள் வாங்கிட்டு, மொத்தமா அனுப்பலாம்னு இருந்தேன்."

மேடம் எங்கள் வண்டி டிரைவரை அந்த பேக்கரிக்கு அனுப்பினார், ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொல்லி. போனவன் திரும்பி வந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது. கடைக்காரர் தாமாகவே சொன்னாராம். கொஞ்ச நாளாக ஒருவர் காலையில் வந்து உட்காருகிறார். நல்ல மனுஷன், சில்லறைகூடத் திருப்பி வாங்குவதில்லை. தங்கச்சிக்கு இந்தப் பக்கம் ஏதோ பெண்கள் காப்பகத்தில் ராத்திரி வேலை கிடைத்திருக்கிறதாம். இடம் பாதுகாப்பானதா என்று அண்ணன் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். அது எந்த வீடு என்று உங்களுக்குத் தெரியுமா என்று கடைக்காரர் எங்கள் டிரைவரையே கேட்டிருக்கிறார்.

"இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான்னு சொல்றாருங்க," என்றான் டிரைவர்.

காவல் நிலையத்துக்குப் போன் போட்டார் மேடம். அவன் காலையில்தான் வருகிறான், ஆகவே உச்சிவெயிலில் கிளப்பிவிடலாம் என்று முடிவானது. முதலில் தாயும் மகளும், பிறகு மற்றவர்கள். வீட்டையே காலி செய்ய வேண்டும். சாமான் கட்டியது நான்தான். பள்ளிச் சீருடையைப் பையில் வைத்தேன், பிறகு எடுத்துவிட்டேன். இனி அந்தப் பள்ளி கிடையாது, தையல் வேலையும் கிடையாது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அவன்மேல், அவன் தங்கச்சிமேல், வெல்லத்துக்கு மயங்கிய என்மேல். யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் பையின் ஜிப்பைப் பிய்த்து எடுத்தேன்.

"அத்தை வர்றதுக்குள்ள எதுக்குப் போறோம்?" என்று பாப்பா கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அவள் செருப்பைத் தேடி மாட்டிவிட்டேன்.

வண்டி ஏறும்போது கலகலப்பு ஓடிவந்து பாப்பாவின் அம்மா கையைப் பிடித்தாள். மன்னிப்பு கேட்க வந்தவளுக்கு அழுகைதான் வந்தது.

"நீ நல்ல பொண்ணு," என்றாள் பாப்பாவின் அம்மா. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். "யாரு அன்பா கேட்டாலும் சொல்லிடுவே. அவங்க வீட்டுல எல்லாரும் அன்பாத்தான் கேப்பாங்க."

கலகலப்பைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றினார்கள், கோப்புகள் பார்க்கிற வேலைக்கு. பெண்களோடு பேசுகிற வேலை கிடையாது. பதிவை எடுத்துவிட்டாள். அந்த உரையாடலை மட்டும் அழிக்கவோ, பதில் போடவோ கூடாது என்று போலீஸ் சொல்லியிருந்தது. புது வீட்டு முகவரி அவளுக்குச் சொல்லப்படவில்லை. ராத்திரி ஷிப்டுக்கு இன்னும் ஆள் வரவில்லை. இரண்டு ஷிப்டையும் நான்தான் பார்க்கிறேன்.

சம்பளக் கையெழுத்துக்காகத் தலைமை அலுவலகம் போனபோது அவளைப் பார்த்தேன். மெலிந்திருந்தாள். கோப்புகளுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்து, என்னை மாடிப்படி ஓரம் இழுத்துக்கொண்டு போனாள். போனைக் காட்டினாள். அன்று காலையில் வந்த மெசேஜ்.

'வணக்கம்ங்க. வீடு மாத்திட்டீங்க போல. புது இடத்துக்கும் ராத்திரிக்கு ஆள் வேணும்தானே? நான் காத்துக்கிட்டுதான் இருக்கேன். ஊசி போடுற பாப்பாவை அத்தை கேட்டதா சொல்லுங்க.'

அதற்குக் கீழே மறுபடியும் அந்தச் சிரிப்புப் பொம்மை.

"போலீசுக்கு அனுப்பிட்டேன் அக்கா. பதில் போடல." போனைக் கைக்குள் மறைத்துக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பாப்பா நல்லா இருக்காளா? ஸ்கூலுக்குப் போறாளா?"

கூடப்பிறந்தவள் மாதிரி பழகியவள். ராத்திரி கண் விழித்து நான் செத்துப்போகக் கூடாது என்றுதான் அந்தப் பதிவையே போட்டாள். அவள் கேட்டதோ ஒரு குழந்தையின் சௌக்கியம். அவளைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் அவள் எவ்வளவு அன்பாகக் கேட்டாளோ, அவ்வளவுக்கு எனக்குப் பயம் வந்தது.

அன்று காலை பாப்பாவுக்குத் தலைவாரி, இரட்டைப் பின்னல் போட்டு, புதுப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் நான் கிளம்பியிருந்தேன்.

"எனக்கு எப்படிடி தெரியும்?" என்று எரிந்து விழுந்தேன்.