பக்கத்தின் அடியில் ஒரு சொல்

டயாலிசிஸுக்கு உட்கார்ந்தால் ரிஃப்அத்துக்கு ஒரு கைதான் மிஞ்சும். இடது கையில் இரண்டு ஊசிகள். அசைத்தால் இயந்திரம் கத்தும், செவிலி இன்ஷிராஹ் அதைவிடச் சத்தமாகக் கத்துவாள். வலது கையில் போன். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்குவதெல்லாம் நடக்காது. கட்டைவிரலால் பக்கத்தைத் தள்ளலாம், அவ்வளவுதான்.

அதனால் வீட்டிலேயே வேலையை முடித்துக்கொண்டு வருவார். அவர் படிப்பவை நூறு வருடத்துக்கு முந்தைய அரபு அச்சுப் புத்தகங்கள்; யாரோ ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டவை. நடுவில் கட்டமாக எழுத்து, சுற்றிலும் விரல் கணக்கில் வெற்றுத்தாள். அப்படியே போனில் திறந்தால் எழுத்து எறும்பு வரிசைதான். மடிக்கணினியில் எல்லாப் பக்கங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டும் மென்பொருள் வைத்திருந்தார். ஒற்றைப்படைப் பக்கங்கள் ஒரு நிழலாகவும் இரட்டைப்படைப் பக்கங்கள் இன்னொரு நிழலாகவும் தெரியும். புத்தகம் தைத்த ஓரம் ஒன்றில் வலம், ஒன்றில் இடம் என்று மாறுவதால் இரண்டுக்கும் தனித்தனியே பெட்டி வரைய வேண்டும். எழுத்து விழுந்து கருத்த பகுதியை ஒட்டி வரைவார்; வெளியே உள்ள வெற்றுத்தாள் வெட்டுப்பட்டு, போனில் எழுத்து பெரிதாகும். நில அளவை அலுவலகத்தில் முப்பது வருடம் எல்லைக்கோடு போட்ட கை அது. மனைவி இறந்துபோன பிறகு, மன்சூரா நகரத்து அந்த வீட்டில் கொஞ்சமாவது சுவாரசியமாகக் கழியும் நேரம் இந்தப் பெட்டி வரையும் நேரம்தான்.

படிப்பது வாய்விட்டு. அது பழைய வழக்கமல்ல, பக்கத்து நாற்காலி ஹாஜி அவத்தால் வந்தது. லாரி ஓட்டிய மனுஷர். எழுதப் படிக்கத் தெரியாது.

"உஸ்தாத், உதட்டை மட்டும் அசைக்கிறீங்களே, நீங்க என்ன மீனா? சத்தமாத்தான் படிங்களேன்," என்றார் ஒருநாள்.

அன்று தொடங்கியது. இளவரசன் திர்ஃகாமின் கதை. அவத் கேட்கும் விதமே தனி. வில்லன் வந்தால் திட்டுவார், நாயகன் குதிரை ஏறினால் தொடையைத் தட்டுவார். இன்ஷிராஹ் ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று இருவரையும் மிரட்டுவாள். வாரத்தில் அந்த நாட்களில் மட்டும்தான் ரிஃப்அத்தின் குரல் இன்னொரு மனிதனுக்காக வெளியே வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை திர்ஃகாம் ஆற்றங்கரைக் கோபுரத்தில் சிறை கிடந்தான். வெளியே அவன் தங்கை மாறுவேடத்தில். ரிஃப்அத் பக்கத்தைத் தள்ளினார். அடுத்த பக்கத்தில் அவன் குதிரைமேல், ஆற்றுக்கு அந்தப்பக்கம், எதிரியின் கழுத்துக்கு நேரே வாள்.

"நில்லுங்க, நில்லுங்க," என்றார் அவத். "கதவைத் தொறந்தது யாரு? ஆத்தை எப்படித் தாண்டினான்? குதிரை எங்கேயிருந்து வந்துச்சு?"

"இங்க அப்படித்தான் இருக்கு, ஹாஜி."

"அப்படித்தான் இருக்கா? நான் நாப்பது வருஷம் லாரி ஓட்டினவன். பாலமில்லாம ஆறு தாண்டின வண்டியை நான் பார்த்ததில்ல."

"நான் எதையும் விடல."

"களைச்சுப் போய்த் தள்ளிட்டீங்க. எனக்கு எழுத்து தெரியாதுல்ல, இவனுக்கென்ன தெரியப் போவுதுன்னு. சொல்லிருந்தா நானே 'இன்னைக்குப் போதும் உஸ்தாத்'னு சொல்லிருப்பேன்."

சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. மீதி நேரம் முழுக்க முகத்தை மறுபக்கம் திருப்பியே கிடந்தார். வியாழக்கிழமை வந்தபோது பக்கத்து நாற்காலியில் காதில் இயர்போன் மாட்டிய யாரோ ஒருவர். அவத் எதிர்க்கோடியில், ஜன்னலோரம்.

"அவரேதான் கேட்டாரு," என்றாள் இன்ஷிராஹ், ஊசியைப் பார்த்தபடி. "என்ன சண்டை போட்டீங்க ரெண்டு பேரும், கல்யாணமானவங்க மாதிரி?"

அன்று ரிஃப்அத் போனைத் திறக்கவே இல்லை.

வீட்டில் கோப்பை மடிக்கணினியில் திறந்தார். வெட்டினோம் என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் எதுவும் போவதில்லை. பெட்டிக்கு வெளியே இருப்பதைக் காட்டாதே என்று கோப்புக்குச் சொல்வதுதான் அது. பெட்டியை நீக்கினார். வெற்றுத்தாள் எல்லாம் திரும்பி வந்தது. மேலே பக்க எண்கள் இல்லை. எப்போதோ பைண்டு செய்தவன் தாளை அரிந்ததில் அவை போயிருந்தன. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் கீழே, கடைசி வரிக்கும் கீழே, இடது மூலையில் தனியாக ஒரு சின்னச் சொல் சாய்ந்து நின்றது.

அடுத்த பக்கத்தின் முதல் சொல். பழைய அச்சுக்காரர்கள் தாள்கள் மாறிவிடாமலிருக்கப் போட்டுவைப்பது. அவருக்குத் தெரியாததல்ல. பெட்டி வரைந்த அன்று அதை அழுக்குபோல் நினைத்து வெளியே விட்டிருந்தார்.

கோபுரப் பக்கத்தின் அடியில் 'படகுகளை' என்றிருந்தது. அடுத்த பக்கம் 'வாளை' என்று தொடங்கியது. ஒவ்வொரு பக்கத்தின் தலையையும் பார்த்துக்கொண்டே போனார். 'படகுகளை' கிடைத்தது, புத்தகத்தின் கடைசிக்குப் பக்கத்தில். பிய்ந்து விழுந்த ஒரு தாளை ஸ்கேன் செய்தவர் கைக்கு வந்த இடத்தில் செருகியிருந்தார். அதன் மறுபக்கத்தின் அடியில் 'வாளை'.

தாளின் இரு பக்கங்களையும் உரிய இடத்துக்கு நகர்த்தினார். பிறகு புதிதாகப் பெட்டி. பக்கவாட்டில் முன்போலவே ஒட்டி. கீழே மட்டும் ஒரு விரல் கூடுதலாக. போனில் பார்த்தால் எழுத்து ஒரு நூல்கூடச் சிறுக்கவில்லை. எழுத்தின் அளவைத் தீர்மானிப்பது அகலம். போனோ நெட்டை, கீழே இடம் சும்மாதான் கிடந்தது. அந்தச் சொல்லை வெட்டி அவர் சம்பாதித்தது ஒன்றுமேயில்லை.

சனிக்கிழமை ஊசிக்கு முன்பே ஜன்னலோரம் போய் நின்றார். அவத் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"ஹாஜி, படிக்க வரல. ஒண்ணு காட்டணும்."

"எனக்கெதுக்குக் காட்டுறீங்க? குருடனுக்குக் கண்ணாடியா?"

"படிக்க வேணாம். உருவத்தைப் பாருங்க. இந்த மூலையில ஒரு சொல்லு. இப்போ அடுத்த பக்கம், மொதல் சொல்லு. ஒண்ணா, வேறயா?"

அவத் போனை வாங்கி, கண்ணருகே கொண்டுபோனார். முன்னும் பின்னும் தள்ளினார். "ஒண்ணு. இதுக்கும் வால் இருக்கு, அதுக்கும் வால் இருக்கு."

"அடுத்தது?"

"அதுவும் ஒண்ணுதான்."

ரிஃப்அத் பழைய கோப்பைத் திறந்து, பெட்டி இல்லாத கோபுரப் பக்கத்தையும் அதற்கடுத்த பக்கத்தையும் காட்டினார். அவத் வெகுநேரம் பார்த்தார். நகத்தால் திரையைச் சுரண்டினார்.

"இது வேற. இங்க நாலு புள்ளி, அங்க ஒண்ணே ஒண்ணு." நிமிர்ந்தார். "அப்போ தாளுதான் தப்பு."

"தாளுதான்."

"நீங்க விடல."

"விடல. ஆனா இந்தச் சொல்லை வெட்டினது நான். இருந்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்."

"எதுக்கு வெட்டினீங்க?"

"அசிங்கமா இருக்கேன்னு."

"அடப்பாவமே," என்றார் அவத். "ரோட்டுல இருக்கிற கைகாட்டியைப் புடுங்கிப் போட்டுட்டு வண்டி வழி தப்பிருச்சுங்கறீங்க." பிறகு, போனைத் திருப்பி நீட்டி: "ஆத்தை எப்படித் தாண்டினான்? சீக்கிரம், அந்தப் பொம்பளை வர்றா."

ரிஃப்அத் நின்றபடியே படித்தார். தங்கை மீனவர்களைக் கெஞ்சி, படகுகளை ஒன்றோடொன்று கட்டி, மேலே வைக்கோல் பரப்பி, குதிரையின் கண்ணைக் கட்டி நடத்திப் போகிறாள். அவத் தொடையில் ஓங்கித் தட்டினார்.

"பாலம்! நான் சொன்னேன்ல? பாலமில்லாம முடியாதுன்னு."

இன்ஷிராஹ் வந்துவிட்டாள். ஹாஜியைப் பழைய இடத்துக்கு மாற்ற முடியுமா என்று ரிஃப்அத் கேட்டார். அவள் முடியாது என்று தலையாட்டினாள். அந்த இயந்திரம் இப்போது இன்னொருவர் பெயரில். மாதம் முடியும்வரை தொட முடியாது. நீங்கள் கேட்டதும் மாற்ற இது என்ன காப்பிக்கடையா?

"பரவால்ல உஸ்தாத்," என்றார் அவத், கையை ஊசிக்கு நீட்டிக்கொண்டு. "நீங்க படிச்சு முடிங்க. எனக்கு அப்புறமா சொல்லுங்க."

ரிஃப்அத் தன் நாற்காலிக்குப் போனார். இயந்திரங்கள் ஒரே சீராக இரைந்தன. பக்கத்திலிருந்தவர் இயர்போனுக்குள் எதையோ கேட்டுத் தலையசைத்துக்கொண்டிருந்தார். எதிர்க்கோடியில் அவத்தின் முகம் ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. தூங்குகிறாரா, தெரியவில்லை.

திர்ஃகாம் வாளை ஓங்கியிருந்தான். அந்தப் பக்கத்தின் அடியில் சொல் ஒன்று, அடுத்ததற்காக. ரிஃப்அத் அதைப் படித்தார். கட்டைவிரல் திரைமேல் நின்றது. பிறகு போனைக் கவிழ்த்து மடியில் வைத்துவிட்டு, மாத முடிவு எந்தக் கிழமையில் வருகிறது என்று யோசிக்கலானார்.