கண்ணாடிக்குள் நின்ற ஆள்

திருப்பதிப் பேருந்து நிலையத்தின் பின்தெருவில், ஒரு மாடியறைதான் கன்னிகாவின் ஸ்டூடியோ. இறந்தவர்களின் படங்களைக் கணினியின் செயற்கை நுண்ணறிவால் சில நொடிகள் அசையவைத்துத் தருவது அவள் செய்யும் வேலைகளுள் ஒன்று. வர வர அதைக் கேட்டே பலர் வந்தார்கள்.

அன்று காலை வந்தவர் புத்தூர்ப் பக்கத்துத் தேவேந்திரன். மறுநாள் அவர் மனைவி கல்பனாவின் வருஷத் திதி. மகள் அக்ஷயாவுக்கு வயது நான்கு.

“அம்மா ஏன் அசைய மாட்டேங்குதுன்னு படத்தப் பாத்துக் கேக்குது மேடம். ஒரு தபா அசையறத அது பாத்துட்டாப் போதும்.”

அவர் நீட்டிய கைபேசியில், சுவரில் மாட்டியிருந்த படத்தின் படம் இருந்தது.

“படத்தையே எடுத்து வந்திருக்கலாமே அண்ணா?”

“மாலை போட்டு மாட்டினத வருஷம் திரும்பறதுக்குள்ள எறக்கக் கூடாதாம். மாமியா சாமியாடிடுவாங்க. அதான் செவுத்துல வெச்சே புடிச்சுக்கினு வந்தேன்.”

“சிரிக்க வைக்கட்டுமா?”

“லேசா. கல்யாணத்துலயே பல்லு தெரியாம சிரிச்சவ. ஜாஸ்தி சிரிச்சா வேற யாரோன்னு கொயந்த ஓடிடும்.”

கன்னிகா கணினிக்கான கட்டளையை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தாள். கேமரா முகத்தை நோக்கி மெல்ல முன்னேறுகிறது. படத்திலுள்ள பெண் ஒருமுறை கண்ணிமைத்து, இதழ் பிரியாமல் புன்னகைக்கிறாள். இடப்பக்க ஜன்னலிலிருந்து மென்மையான காலை ஒளி. எட்டு நொடி. பின்னணியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. தோளுக்குப் பின்னால் தெரிந்த கருமையைப் படத்தின் கறையென்று அவள் எண்ணிவிட்டாள்.

இரண்டு நிமிடத்தில் காட்சி வந்தது. கல்பனா இமைத்தாள், மூன்றாம் நொடியில் புன்னகைத்தாள். சொன்ன செயல் அத்துடன் தீர்ந்தது. மிச்சமிருந்த ஐந்து நொடியைச் செயற்கை நுண்ணறிவு மாடல் தானே நிரப்பிக்கொண்டது. கேமரா நெருங்க நெருங்க, தோளுக்குப் பின்னால் இருந்த கருமை ஓர் ஆளாயிற்று. கதவைத் தட்டப் போகிறவர்போலக் கையை உயர்த்தி நின்ற அந்த ஆள், கையைத் தாழ்த்தி, அவளை நோக்கி ஓரடி வைத்தார். அங்கே காட்சி முடிந்தது.

தேவேந்திரன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். “அது யாரு?”

கன்னிகா மூலப் படத்தைப் பெரிதாக்கினாள். சட்டத்தின் கண்ணாடியில், கைபேசியை உயர்த்திப் படமெடுக்கும் ஒருவரின் மங்கிய பிம்பம். தோளில் கட்டம் போட்ட துண்டு.

“நீங்கதான் அண்ணா. என் தப்பு, கவனிக்கலை. அழிச்சிட்டு மறுபடி எடுத்திடறேன்.”

“இரு மேடம்.” திரையிலிருந்து அவர் கண் எடுக்கவில்லை. “அவ போன அன்னைக்கு நான் சத்தியவேடு பக்கம் கம்பெனியில டூட்டி. செல்போன லாக்கர்ல வெச்சிட்டுத்தான் உள்ள வுடுவாங்க. ஆஸ்பத்திரியிலருந்து பதினோரு தபா போன் பண்ணியிருக்காங்க. நான் வந்து நின்னப்போ மூஞ்சிய மூடிட்டாங்க.” திரையிலிருந்த ஆளை விரலால் சுட்டினார். “இவன் போறான் பாரு. இன்னும் கொஞ்சம் நீட்டு. போய்ச் சேரட்டும்.”

காட்சியின் கடைசிச் சட்டகத்தையே தொடக்கமாக வைத்து இன்னோர் எட்டு நொடியை உருவாக்க முடியும். கன்னிகாவின் விரல்கள் விசைப்பலகையில் நின்றன.

“போய் என்ன செய்யணும்? நாம சொல்லாட்டி அதுவா எதையாவது செய்யும்.”

“அவ திரும்பிப் பாக்கட்டும்” என்றார்.

அப்படியே எழுதினாள். அந்த ஆள் அருகே வந்தார். கல்பனா தலையைத் திருப்பினாள். நேர்முகம் மட்டுமே கொண்ட படத்திலிருந்து பக்கவாட்டு முகத்தை மாடல் இட்டுக்கட்ட வேண்டியிருந்தது. மூக்கு சற்று நீண்டது, தாடை மெலிந்தது. ஓர் அழகிய அந்நியப் பெண், வந்தவரை அன்போடு பார்த்தாள்.

“அவ இல்ல,” என்றார் தேவேந்திரன். “இது அவ இல்ல மேடம். நிறுத்து.”

கீழே பேருந்துகளின் ஊர்ப்பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். கன்னிகா இரண்டு காட்சிகளையும் மூடினாள்.

“திருப்ப வேணாம் மேடம். என்னைப் பாத்துக்கினே இருக்கட்டும். மூச்சு வுட்டாப் போதும். கேமராவும் கிட்டப் போக வேணாம்.”

“பின்னாடி இருக்கிறவரை அழிச்சிடவா?”

“இருக்கட்டும். ஆனா அசையக் கூடாது.”

“பாப்பா யாருன்னு கேட்டா?”

“நைனான்னு சொல்லிக்கிறேன்.”

நகராத கேமரா. இமைத்து, மெல்ல மூச்சுவிட்டு, நேரே பார்க்கும் பெண். மாறாத காலை ஒளி. நான்கு நொடி. ‘அசையவில்லை’ என்று எழுதினால் மாடல் அசைவையே பிடித்துக்கொள்வதை அவள் பலமுறை கண்டிருந்தாள். ஆகவே, ‘பின்னால் உள்ள ஆண் முழு நேரமும் தொலைவிலேயே நிலையாக நிற்கிறார்’ என்று எழுதினாள்.

முதல் முறை அந்த ஆள் அவளிடம் வரக் கால் எடுத்தார். இரண்டாம் முறை கை இறங்கியது.

“நில்லுடா,” என்றார் தேவேந்திரன், திரையிடம்.

மூன்றாம் முறை கல்பனா இமைத்தாள், மூச்சுவிட்டாள். நான்கு நொடியும் பின்னால் அந்த ஆள் நின்ற இடத்திலேயே நின்றார்.