எண்பது சொல்லில் கிருஷ்ணப்பன்

ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. நீர்வரத்து கூடியதால் ஒகேனக்கல் சின்னாறு பரிசல் துறையில் பரிசல் இயக்க இரண்டாம் நாளாகத் தடை இருந்தது.

கரையில் பரிசல்கள் கவிழ்த்துப் போடப்பட்டிருந்தன. அவற்றின் நிழலில் ஓட்டிகள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். பென்னாகரத்திலிருந்து பஸ் ஏறி வந்த சில்வியா, மடிக்கணினியைத் தோள்பையோடு நெஞ்சில் அணைத்தபடி கிருஷ்ணப்பனைத் தேடினாள். மணி இரண்டு. ஐந்து மணிக்குப் படிவம் மூடிவிடும்.

கோயம்புத்தூரில் அடுத்த மாதம் நீர்விபத்துத் தடுப்பு பற்றி மாநில அளவில் ஒரு மாநாடு. பேரிடர் மீட்புத் துறையினர், மருத்துவர்கள், பேராசிரியர்கள் எல்லாரும் வருகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத்தரும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் சில்வியாவுக்கு வேலை. அவள்தான் கிருஷ்ணப்பனின் பெயரைப் பரிந்துரைத்தாள். பத்து நிமிடம் தருகிறோம், தமிழிலேயே பேசலாம், மொழிபெயர்க்க ஆள் உண்டு என்று பதில் வந்தது. ஆனால் பேச்சாளர் படிவம் முழுமையாக வராவிட்டால் அந்தப் பத்து நிமிடம் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவருக்குப் போய்விடும்.

பெயர், ஊர், புகைப்படம், பேச்சின் தலைப்பு எல்லாம் ஏற்றியாகிவிட்டது. பாக்கி ஒரே ஒரு பெட்டி. பேச்சாளர் அறிமுகம்: ஆங்கிலத்தில், படர்க்கையில், எண்பது சொல்லுக்கு மிகாமல். மாநாட்டு மலரில் அதை அச்சிடுவார்கள், மேடையில் அதையே வாசித்து அழைப்பார்கள்.

"வாம்மா சில்வியா. தண்ணி குடிக்கிறியா?" கிருஷ்ணப்பன் எழுந்து துண்டை உதறினார். ஐம்பத்தெட்டு வயசு. தோள் மட்டும் இருபத்தைந்து வயசுக்காரனுடையது.

"அப்புறம் குடிக்கிறேங்கண்ணா. மொதல்ல இதைக் கேளுங்க. நீங்க சரின்னா அனுப்பிடறேன்."

முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து எழுதியது. தமிழில் எழுதியபோது அறுபத்தொரு சொல்தான் இருந்தது. ஆங்கிலத்தில் மாற்றிப் பெட்டிக்குள் ஒட்டியதும் கீழே சிவப்பில் 104/80 என்று வந்து நின்றது. தமிழில் ஒரே சொல்லில் அடங்குவது அங்கே மூன்றாகப் பிரிந்துகொண்டது. அனுப்பும் பொத்தான் மங்கிக் கிடந்தது. எண்களை எழுத்தால் எழுதாமல் இலக்கத்தில் போட்டாள். அப்படிப் போட்டால் ஒரு சொல். ஆட்சியர் கொடுத்த நற்சான்றிதழை வெட்டினாள். 'மிகவும்' என்று வந்த இடத்தையெல்லாம் எடுத்தாள். ஒருவழியாக எண்பதில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள்.

அதைத் தமிழில் படித்துக்காட்டினாள். "கிருஷ்ணப்பன், காவிரியின் காவலர். முப்பத்தாறு ஆண்டுகளில் தனி ஆளாக 213 உடல்களை ஆற்றிலிருந்து மீட்டவர்..."

சீட்டாட்டம் நின்றது.

"தனி ஆளாவா?" ஆண்டி கேட்டார். கிருஷ்ணப்பனின் கூட்டாளி, வாய் ஓயாதவர். "இவன் முங்குனா பரிசலை யாரும்மா புடிக்கிறது, உன் கம்ப்யூட்டரா?"

எல்லாரும் சிரித்தார்கள். கயிறு பிடிக்கும் மாதவராஜ் மட்டும் சிரிக்கவில்லை. இடுப்பில் கயிறு கட்டி ஒருவர் இறங்குவார், ஒருவர் பரிசலைச் சுழலவிடாமல் துடுப்பால் நிறுத்துவார், ஒருவர் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அது சொல்வதைக் கேட்பார். மூன்றில் ஒருவர் இல்லாவிட்டால் இறங்குகிறவரும் திரும்ப மாட்டார். எத்தனையோ முறை கரையில் நின்று அதைப் பார்த்தவள்தான் சில்வியா. பெட்டி ஒருவருக்கானது என்பதால் ஒருவரை மட்டும் எழுதிவிட்டாள்.

"மாத்திடறேங்கண்ணா."

"அதை மாத்திக்கலாம்," என்றார் கிருஷ்ணப்பன். "இருநூத்திப் பதிமூணு யாரு எண்ணுனது?"

"பேப்பர்ல வந்தது, ஸ்டேஷன்ல எழுதினது, எல்லாம் சேத்து நான்தான் கூட்டுனேன்."

"அதை எடுத்துடும்மா."

"அண்ணா, அதுதாங்க முக்கியம். அந்த நம்பரைப் பாத்துத்தான் உங்களைக் கூப்பிட்டாங்க."

"அப்ப நான் வரலம்மா."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்பதைப் போலச் சொன்னார். இந்தப் பத்து நிமிடத்துக்காக அவர் எவ்வளவு காத்திருக்கிறார் என்று சில்வியாவுக்குத் தெரியும். மாசியில் ஒரே பாறைச் சரிவில் ஒரு வாரத்துக்குள் மூன்று பேர் போனார்கள். அங்கே ஒரு கயிறும் நான்கு மிதவையும் கட்டிவையுங்கள் என்று அவர் ஏறாத அலுவலகப் படி இல்லை. இதைச் செய்யச்சொல்லிக் கையெழுத்துப் போடக்கூடியவர்கள் மொத்தமாக உட்காரும் ஒரே அறை அந்த மாநாடு.

"ஏண்ணா? பொய்யா அது?"

"பொய்யோ நெசமோ, எங்க ஊரு ஊட்டமலையில எவனும் எண்ண மாட்டான். எண்ணுறதுக்கு அது என்ன மூட்டையா?"

"அப்ப உங்களைப் பத்தி நான் என்ன எழுதறது? நீங்களே சொல்லுங்க."

"நானே என்னை அவர் இவர்னு சொல்லிக்கணுமா? நல்ல கூத்தும்மா இது." அவர் பீடியைத் தேடினார். "யாரோ சொல்ற மாதிரிதானே எழுதணும்? அப்ப இவனுங்களைக் கேளு. பாத்ததை மட்டும் சொல்லுங்கடா. கதை விட்டீங்கன்னா பரிசலோட தள்ளிவுட்டுருவேன்."

சொல்லிவிட்டு ஆற்றைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

ஆண்டிதான் ஆரம்பித்தார். குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. "பேரு கேக்காம எறங்க மாட்டாம்மா இவன். போலீஸ் வந்து நிக்கும், சொந்தக்காரங்க நெஞ்சுல அடிச்சிக்கிட்டு அழுவாங்க, எறங்குய்யா எறங்குய்யாம்பாங்க. இவன் நேரா பெத்தவங்ககிட்டப் போவான். புள்ள பேரென்னம்மான்னு கேப்பான். கன்னடத்துக்காரங்கன்னா ஹெசரு ஏனும்மான்னு கேப்பான். வூட்ல கூப்புடற பேரு வேற இருந்தா அதையும் கேட்டுக்குவான்."

"எதுக்குங்கண்ணா?"

"கூப்புடறதுக்குத்தான். பரிசல் போகப் போக அந்தப் பேரைச் சொல்லிக்கிட்டே போவான். ஹரீசு, வாப்பா, ஆத்தா நிக்குது பாரு, வாப்பான்னு. முங்கி எந்திரிக்கறப்ப எல்லாம் கூப்புடுவான். மொதத் தடவ எனக்குப் பயமாப் போச்சி. இவனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சின்னு நெனச்சேன்."

"இப்ப ஆண்டியே கூப்புடறான்," என்றார் மாதவராஜ். அதுவரை பேசாதவர். "நாங்க மூணு பேரும் கூப்புடறோம்."

பிறகு அவரே சொன்னார். கிடைத்ததும் தண்ணீருக்குள்ளேயே முகத்தைத் துண்டால் மூடிக் கட்டிவிடுவார் கிருஷ்ணப்பன். பாறையில் அடிபட்ட முகத்தைத் தாய் எட்டத்தில் இருந்து பார்த்துவிடக் கூடாது. கரை சேர்ந்ததும் முதலில் தான் இறங்கி, கழுவித் துடைத்து, தலைமுடியை ஒதுக்கிவிட்டபிறகுதான் கூப்பிடுவார். கூலி கொடுக்க வந்தால் அன்றைக்கு வாங்க மாட்டார்.

சில்வியா தட்டச்சு செய்வதை நிறுத்தியிருந்தாள். நான்கு வருடமாக இந்தக் கரைக்கு வந்து போகிறாள். அவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவளுக்குத் தெரியாது. கரையில் அவள் நிற்கும் தூரத்துக்கு அந்தக் குரல் வந்ததில்லை. ஆறு அதை விழுங்கிவிடும்.

"எல்லாப் பேரும் ஞாபகம் இருக்குங்களா அண்ணா?" அவர் முதுகைப் பார்த்துக் கேட்டாள்.

கிருஷ்ணப்பன் திரும்பவில்லை. அப்புறம் ஆற்றைப் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தார்.

"பாப்பாரப்பட்டி குள்ளம்மா மகன் சின்னராசு. வூட்ல ராசு. ஓசூர் ஹரீசு. பெங்களூரு மஞ்சுநாத்து, அவன் தங்கச்சி வித்யா, ரெண்டு பேரும் ஒண்ணாப் போனாங்க. பாப்பிரெட்டிப்பட்டி இன்னாசி. சேலத்துக் காலேஜுப் பையன் பிரவீனு. ஆலம்பாடிப் பக்கம், மூணாம் நாள் கெடச்சான். அரூர் கோவிந்தம்மா, துணி தொவைக்க வந்தவங்க. ஒரு கொழந்தை, பேரு வெக்கல, பாப்பான்னு கூப்புட்டேன்..."

வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஊர், பேர், வீட்டுப் பேர். பழக்கத்தில் சில்வியாவின் விரல் மடிந்து எண்ணத் தொடங்கியது. ஒன்பதோ பத்தோ வந்தபோது தான் என்ன செய்கிறோம் என்று உணர்ந்து கையை விரித்துக்கொண்டாள். சீட்டு வைத்திருந்தவர்கள் சீட்டைக் கீழே வைத்தார்கள். ஒருவர் பீடியை மணலில் குத்தி அணைத்தார். அருவிப் பக்கம் நீர் விழும் இரைச்சலுக்கு மேலே அந்தத் தட்டையான குரல் போய்க்கொண்டே இருந்தது. பாப்பிரெட்டிப்பட்டி இன்னாசி அவள் சொந்த ஊரில் அதே தெருக்காரர். அவருடைய அடக்கப் பூசையில் அவள் பாடியிருக்கிறாள். உடம்பு கிடைத்ததே பெரிய புண்ணியம் என்று ஊரே சொன்னது. கிடைக்கவைத்தவர் யார் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

கோயிலில் மணி அடித்ததும் எழுந்து நிற்பதுபோல் அவளுக்கு எழுந்து நிற்கத் தோன்றியது. மடியில் கணினி இருந்ததால் அப்படியே இருந்தாள்.

எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியவில்லை. "...போன வாரம் தர்மபுரி சுரேசு," என்று சொல்லி நிறுத்தினார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மணி என்னாச்சி?" என்றார்.

மூன்றே முக்கால்.

பெட்டியில் இருந்ததை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தாள். மூன்று பேருடைய பெயர் வந்தாக வேண்டும். கேட்கிற பெயர், கூப்பிடுகிற பெயர் வந்தாக வேண்டும். கயிறும் மிதவையும் வந்தாக வேண்டும். எழுதி முடித்தபோது 97/80. தொண்ணூற்றிரண்டாக்கினாள். அதற்குமேல் எதைத் தொட்டாலும் வலித்தது. கடைசி வரி ஒன்றுதான் மிச்சம்: கிருஷ்ணப்பனைப் பரிந்துரைத்த தொண்டு நிறுவனத்தின் பெயரும் அது இருபத்திரண்டு ஊர்களில் செய்யும் பணியும். பதினாறு சொல். அந்த வரி கட்டாயம் இருக்க வேண்டும் என்று நிறுவன இயக்குநர் அந்தோணி பிரகாஷ் காலையில்தான் சொல்லியனுப்பியிருந்தார்.

அந்த வரியைத் தெரிவுசெய்து அழித்தாள். 76/80. சிவப்பு போய்ப் பொத்தான் தெளிந்தது.

"கேளுங்கண்ணா," என்று தமிழில் வாசித்தாள்.

"கிருஷ்ணப்பன் தர்மபுரி மாவட்டம் ஊட்டமலையைச் சேர்ந்த பரிசல் ஓட்டி. முப்பத்தாறு ஆண்டுகளாகக் காவிரியில் ஓட்டுகிறார். ஆற்றில் மூழ்கியவர்களை ஆண்டி, மாதவராஜ் இருவருடன் சேர்ந்து தேடுகிறார். இறங்குமுன் குடும்பத்தாரிடம் பெயரைக் கேட்பார். கிடைக்கும்வரை அந்தப் பெயரைச் சொல்லி அழைப்பார்கள். இவர்கள் எண்ணிக்கை வைத்துக்கொள்வதில்லை. குளிக்கும் துறைகளில் கயிறும் மிதவையும் வேண்டும் என்பதைப் பற்றிப் பேசுவார்."

ஆண்டி தொண்டையைச் செருமினார். "என் பேரு இங்கிலீசுல எப்புடி இருக்கும்?"

"அப்படியேதாங்க இருக்கும்."

"அட, ஆயிரம் பேரு முன்னாடி படிப்பாங்களா? மாதவராஜு, ஒரு நல்ல சட்டை தைச்சிக்கடா."

"உன்னை யாருய்யா கூப்பிட்டாங்க?" என்றார் மாதவராஜ், முகம் மலர்ந்துவிட்டது.

சில்வியா கிருஷ்ணப்பனைப் பார்த்தாள். அவர் தலையை ஒருமுறை அசைத்தார். "இருக்கட்டும்மா. இதுக்கு வரேன்."

துறையில் சிக்னல் ஒரு கோடுதான் காட்டியது. கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி பஸ் நிற்கும் மேட்டுக்கு ஏறினாள். ஏறும்போதே அந்தோணி பிரகாஷ் அழைத்தார்.

"அனுப்பிட்டியாம்மா? நம்ம பேரு கடைசி வரியில இருக்குல்ல?"

"இல்லீங்க சார். எடம் பத்தல."

"எண்பது வார்த்தை இருந்துச்சே!"

"இருந்துச்சுங்க சார். அவங்களுக்கே சரியாப் போச்சு."

நாளைக்கு ஆபீசுக்கு வா, பேசிக்கலாம் என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

நான்கு நாற்பத்தொன்றுக்குப் படிவம் போனது. மறுநாள் காலை மின்னஞ்சல் வந்தது. அறிமுகம் மாற்றமின்றி ஏற்கப்பட்டிருந்தது. கிருஷ்ணப்பனின் பேச்சு இரண்டாம் நாள், அரங்கம் இரண்டில், பதினொன்று இருபது முதல் பதினொன்று முப்பது வரை.