ஜோடி சேராத ஜிமிக்கி

விருந்துக்குக் கிளம்பும் அவசரத்தில் நாத்தனார் ஓர் உபகாரம் செய்தாள். அண்ணியின் ஆக்சிடைஸ்டு வெள்ளி ஜிமிக்கியில் ஒன்றை எடுத்து, வெள்ளி கழுவும் திரவத்தில் முக்கினாள். கண்மூடித் திறப்பதற்குள் பூவேலையின் பள்ளத்தில் இருந்த கறுப்பெல்லாம் போய், ஜிமிக்கி புது டம்ளர் மாதிரி பளபளத்தது.

அண்ணி பாய்ந்து வந்து மற்றதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அழுக்கைத்தானே அண்ணி எடுத்தேன்?"

"அது அழுக்கில்லம்மா. வேலைப்பாடு எடுப்பாத் தெரியணும்னு ஆசாரி வேணும்னே ஏத்தின கறுப்பு. இதுக்குத் திரவமும் ஆகாது, பேஸ்ட்டும் ஆகாது. மெத்துன்னு துணியால லேசா ஒத்தித் துடைச்சு, காத்துப் புகாத பையில போட்டா போதும்."

மாமியார் எட்டிப் பார்த்தார். "போனது போச்சு, அதையும் முக்கிடு. ஜோடியாவது சேரும். நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"சொல்லட்டும் அத்தை. இதை நான் தரமாட்டேன்."

ஒரு காதில் வெளுத்ததையும் மறு காதில் கறுத்ததையும் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். விருந்தில் ஒருத்தி, "ஜோடி மாத்திப் போட்டுட்டீங்களே!" என்றாள்.

"தெரிஞ்சுதான் போட்டிருக்கேன்" என்று இரண்டு பக்கமும் தலையை ஆட்டிக் காட்டினாள்.

நாத்தனார் மெல்லக் கேட்டாள்: "மறுபடி கறுப்பு ஏத்த முடியுமா அண்ணி?"

"ஆசாரிகிட்ட குடுத்தா ஏத்தித் தருவார். நாளைக்குப் பாத்துக்கலாம். இன்னைக்கு இப்படியேதான் போட்டோவுக்கு நிப்பேன், வா."