இரண்டு பத்து மணி

புதன்கிழமை காலை அந்தக் கடிதத்தை அவள் இரண்டு முறை படித்தாள். மருத்துவக் கருவிகள் செய்யும் வெளிநாட்டு நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரி அனுப்பியிருந்தார்.

"நேற்று காத்திருந்தேன், நீங்கள் வரவில்லை. உங்கள் இணையம் பழுது என்று உங்கள் சக ஊழியர் அதே இணையத்தில் வந்து சொன்னார். நடந்ததை இரண்டு வரியில் எழுதுங்கள். இன்றே மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும்."

இரண்டு வருடக் கருவிக் கையேடுகளை யார் மொழிபெயர்ப்பது என்பதைத்தான் அந்த மேலிடம் முடிவு செய்யப்போகிறது. மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் மொத்தம் ஆறு பேர். வேலை கைநழுவினால் முதலில் உருளப்போவது ஒருங்கிணைப்பாளரான தன் தலைதான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

வரவில்லையாம்! செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு இணையக் கூட்ட அறையைத் திறந்து, மூன்றரை வரை தன் முகத்தையே திரையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் யார்? அதற்குப் பிறகுதான் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குக் கிளம்பினாள். யாருக்குக் காது குத்துகிறார் இந்த மனிதர்?

கூட்ட அறையின் வருகைப் பதிவைத் திறந்தாள். அதிகாரி நான்கு மணிக்கு வந்திருந்தார். நான்கு ஆறுக்கு இன்னொரு பெயர். அவளுக்குச் சுருக்கென்றது. பிழைதிருத்துபவன். அலுவலகமே 'கண்ணாடி' என்று கூப்பிடும் ஆள். இரண்டு பேரும் பதினைந்து நிமிடம் பேசியிருக்கிறார்கள்.

இவன் தன் நாற்காலிக்குக் குறி வைக்கிறான் என்பது அவளுக்கு இன்று நேற்று வந்த சந்தேகமில்லை. போன மாதம் அதிகாரியோடு அவன் சிரித்துச் சிரித்துப் பேசியபோதே மனதில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். நேரத்தை மாற்றிச் சொல்லி அவரைத் தனியாகப் பிடித்திருக்கிறான். வேறென்ன?

அவன் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"நேத்து நாலு மணிக்கு உனக்கு அங்க என்ன வேலை?"

அவன் சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்தான். "அவர் தனியா காத்திட்டிருக்கார்னு எனக்குச் செய்தி வந்துச்சுக்கா. அந்த அறைக்கு நீங்கதானே என்னையும் பொறுப்பாப் போட்டிருக்கீங்க. உங்களுக்கு ரெண்டு தடவை போன் பண்ணேன்."

பள்ளியில் போனை ஊமையாக்கியது நினைவுக்கு வந்தது. ஆனாலும் விடவில்லை.

"அதுக்கு இணையம் போச்சுன்னு ஏன் புளுகின?"

"வேற என்ன சொல்றது? நீங்க எங்கேன்னு எனக்கே தெரியல. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அந்த இணையத்துலதான் பேசிட்டிருக்கோம்னு அப்புறம்தான் உறைச்சுது."

"பதினஞ்சு நிமிஷமும் இதேதானா?"

"உங்களைத்தான் புகழ்ந்துட்டிருந்தேன்."

அவள் நம்பவில்லை. தன் பழைய கடிதத்தை அச்செடுத்து அவன் முன் போட்டாள். "பாரு. நேரத்தைத் தெளிவாத்தான் எழுதியிருக்கேன்."

நாட்காட்டி அழைப்பு அனுப்புவது அவளுக்குப் பிடிக்காது. அது தானாக என்னவோ கணக்குப் போடும், யார் கண்டது? தன் கையால் எழுதினால்தான் நிம்மதி. நாளை யாரும் சாக்குச் சொல்லக் கூடாதென்று இரண்டு ஊர் நேரத்தையும் எழுதுவாள். 'செவ்வாய், உங்கள் நேரம் காலை பத்து, எங்கள் நேரம் பிற்பகல் மூன்று.'

அவன் படித்தான். இரண்டு நேரங்களையும் வட்டமிட்டான்.

"இதை எப்ப எழுதினீங்க?"

"போன வியாழக்கிழமை."

"ஞாயித்துக்கிழமை அவங்க ஊர்ல கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால வெச்சுட்டாங்கக்கா, குளிர்காலக் கணக்குக்கு. நம்ம ஊர்ல அந்தப் பழக்கம் கிடையாது. போன வாரம் அவங்க பத்து நமக்கு மூணு. இந்த வாரம் அவங்க பத்து நமக்கு நாலு. அவர் அவர் நேரத்தைப் பார்த்தார், நீங்க உங்க நேரத்தைப் பார்த்தீங்க."

அவளுக்கு முகம் சூடேறியது. ஒருவரும் ஏமாற்றவில்லை. காலையிலிருந்து இரண்டு பேரைக் கூண்டில் ஏற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள், குற்றவாளி அவளேதான். வெட்கமாக இருந்தது. "என்னை மன்னிச்சுடுப்பா, உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்" என்றாள்.

"தெரியும்க்கா. ஒரு மாசமா உங்க பார்வையே சரியில்ல."

திரும்பி வந்து எழுதினாள்.

"நேற்றைய சந்திப்பு தவறியதற்கு நானே காரணம். உங்கள் ஊரில் கடிகாரம் மாறியதைக் கவனிக்காமல் நேரம் எழுதினேன். மூன்று மணிக்கு வந்து காத்திருந்து போய்விட்டேன்; உங்கள் பத்து மணி எங்களுக்கு நான்கு. இணையம் நன்றாகவே இருந்தது. என்னைக் காப்பாற்ற என் சக ஊழியர் அப்படிச் சொல்லிவிட்டார். வருந்துகிறேன். நாளை வியாழக்கிழமை வர இயலுமா? உங்கள் நேரம் காலை பத்து, எங்கள் நேரம் பிற்பகல் மூன்று."

அனுப்பும் முன், வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கடிதத்தை அவனிடம் நீட்டினாள். அவன் கடைசி வரியில் 'மூன்று'வை அடித்து 'நான்கு' என்று எழுதினான். அவள் திருத்தி, நாட்காட்டி அழைப்பையும் சேர்த்து அனுப்பினாள்.

மாலை பதில் வந்தது. "வருகிறேன். உங்கள் சக ஊழியருக்குப் பொய் சொல்லவே வரவில்லை. வேலையாவது வருமா?"

அவள் யோசிக்காமல் தட்டினாள்: "அவர் என் கடிதத்தைப் படித்திருக்காவிட்டால் நாளையும் நான் மூன்று மணிக்குத்தான் வந்து உட்கார்ந்திருப்பேன்."